பார்சலுக்கு முன்னால் வரும் க்யூ.ஆர். கோடு

இரவு பத்தே முக்கால். பாத்திரம் கழுவி, அடுப்படியைத் துடைத்துவிட்டு, காலையில் போட்ட ரீலை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் நேரம். இன்ஸ்டாகிராமில் புதிதாக ஒரு செய்தி. "ஹாய் டியர், வி லவ் யுவர் கன்டென்ட்" என்று தொடங்குகிறது. முகப்புப் படத்தில் சமையலறைச் சாதனங்கள் விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் லோகோ. அவர்களுடைய ஏர் ஃபிரையரில் ஏதாவது சமைத்து ஒரு ரீலும் இரண்டு ஸ்டோரியும் போட வேண்டும். ஏர் ஃபிரையரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், மேலே 5,000 ரூபாய் சம்பளமும் உண்டு. சம்மதம் சொன்னதும் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறுகிறது. அங்கே பத்தாவது செய்தியில், போகிற போக்கில் சொல்வதுபோல் அந்த வரி வருகிறது: பொருளின் விலை 7,999 ரூபாய் என்பதால் 2,499 ரூபாய் செக்யூரிட்டி டெபாசிட் கட்ட வேண்டும், ரீல் போட்ட 48 மணி நேரத்தில் முழுத் தொகையும் திரும்பிவிடும். கீழே ஒரு க்யூ.ஆர். கோடு.

இந்தச் செய்தியைப் பெற்றவரை ஈரோட்டில் 4,300 ஃபாலோயர்ஸ் வைத்துச் சமையல் ரீல்ஸ் போடும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் ஊரும் தொகைகளும் கணக்குப் பார்ப்பதற்காக நான் வைத்தவை. படிகள் மட்டும் நான் வைத்தவை அல்ல. சேலையோ சீரமோ ஸ்மார்ட் வாட்ச்சோ, பொருள் மாறினாலும் படிகள் இதே வரிசையில்தான் வரும்.

இதை வெறும் பேராசைக் கதையாகப் படிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பெண் லாட்டரி விழுந்ததாக நம்பவில்லை. ஒரு வேலைக்கு ஒப்புக்கொண்டார். அந்த வேலையில் டெபாசிட் கேட்பது வழக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்தார். அப்படி நினைக்க அவருக்குக் காரணங்களும் இருந்தன.

முதல் காரணம், டெபாசிட் என்பது நமக்குப் பழகிய சொல். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம். காஸ் இணைப்புக்குச் சிலிண்டர் டெபாசிட் கட்டுகிறோம். கல்யாணத்துக்கு அண்டா, குண்டான் எடுக்கும் பாத்திரக் கடையிலும் ஒரு தொகையைக் கட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுகிறோம். அடுத்தவர் பொருள் நம் கையில் இருக்கும்வரை நம் பணம் கொஞ்சம் அவர் கையில் இருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாத்திரக் கடையில் நடப்பதை நிதானமாக நினைத்துப் பாருங்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அண்டா கண்ணெதிரே இருக்கிறது. கொடுத்தவுடன் அது நம் வண்டிக்கு வந்துவிடுகிறது. ரசீது எழுதித் தருகிறார்கள். திருப்பித் தராவிட்டால் போய் நின்று கேட்க ஒரு கடை வாசல் இருக்கிறது. பொருள் கைமாறும் அதே நேரத்தில் அதற்கு ஈடாகப் போவதுதான் டெபாசிட். ஏர் ஃபிரையர் இன்னும் குடோனில் இருக்கிறது, அல்லது எங்குமே இல்லை. கைக்கு வராத பொருளுக்கு ஈடு கொடுப்பதில் எதற்கு எது ஈடு?

இரண்டாவது காரணம், சமூக ஊடக விளம்பரத் தொழிலே உண்மையில் தாளும் கையொப்பமும் இல்லாமல்தான் நடக்கிறது. சிறு படைப்பாளிகளுக்கு வரும் நேர்மையான வாய்ப்புகளிலும் பெரும்பாலானவை ‘பார்ட்டர் கொலாப்’ வகைதான். பணம் கிடையாது, பொருளைத் தருவார்கள், அதைப் பற்றி ரீல் போட வேண்டும். பண்டமாற்று. ஒப்பந்தம் என்று தாளில் எதுவும் இருக்காது. பேசுபவர் நிறுவனத்தின் நேரடி ஊழியராகவும் இருக்க மாட்டார்; ஒரு ஏஜென்சியில் வேலை பார்ப்பவர், அல்லது அந்த ஏஜென்சிக்கு ஆள் பிடித்துத் தரும் இன்னொருவர். ஜிமெயில் முகவரியிலிருந்து கடிதம் வரும். பேச்சு முழுக்க வாட்ஸ்அப்பில் முடியும். அலுவலகம், லெட்டர்பேட், கையொப்பம் எதுவும் இல்லாமல் உண்மையான வேலையே நடந்து பழகிய இடத்தில், அவை இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலியைக் கண்டுபிடிக்க முடியாது. மோசடிக்காரர் புதிதாக ஒரு வேடம் கட்ட வேண்டியதில்லை. தொழிலின் வழக்கமான உடையைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

மூன்றாவது காரணம்தான் பலமானது. பொருளை வாங்கிக்கொண்டு ரீல் போடாமல் காணாமல் போகும் படைப்பாளிகள் நிஜமாகவே உண்டு. "போன மாதம் இருபது பேருக்கு அனுப்பினோம், எட்டுப் பேர் போனையே எடுக்கவில்லை மேடம், அதனால்தான் இந்த ரூல்" என்று வாட்ஸ்அப் மேனேஜர் சொல்லும்போது நேர்மையானவருக்கு ஒரு தர்மசங்கடம் வந்துவிடுகிறது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று காட்ட வேண்டும் போலிருக்கிறது. 2,499 ரூபாய் அந்த நிரூபணத்தின் விலையாக மாறுகிறது.

சரி, இருபதில் எட்டுப் பேர் ஏமாற்றிவிடும் நிறுவனம் உண்மையிலேயே டெபாசிட் வாங்குமா? அதன் பக்கத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடையில் 1,499 ரூபாய்க்கு விற்கும் ஒரு குர்த்தியைத் தைத்து, மடித்து, பெட்டியில் போட நிறுவனத்துக்கு ஆகும் செலவு 450 ரூபாய் என்று கொள்வோம். கூரியருக்கு 80 ரூபாய். ஐம்பது பேருக்கு அனுப்பினால் 26,500 ரூபாய். ஐம்பதில் பத்துப் பேர் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாலும் அந்த வகையில் போவது 5,300 ரூபாய்தான். மீதி நாற்பது ரீல்களின் விலை அந்த 26,500-க்குள் அடங்கிவிடுகிறது. இதைத் தவிர்க்க ஐம்பது பேரிடமும் டெபாசிட் வாங்கினால் என்ன ஆகும்? ஐம்பது வரவு, ஐம்பது திருப்பிக் கொடுக்கும் பற்று, அவற்றுக்குக் கணக்கெழுத ஓர் ஆள், ரீல் தரமாக இல்லை என்று பணத்தைப் பிடித்து வைத்தால் அதற்கொரு சண்டை, அந்தச் சண்டையை ஸ்டோரியில் போட்டு நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கும் இரண்டு பேர். 5,300 ரூபாயைக் காப்பாற்ற எந்த மார்க்கெட்டிங் மேலாளரும் இதில் இறங்க மாட்டார். போனது போகட்டும் என்று விளம்பரச் செலவில் எழுதிவிட்டு, ஓடிப்போன பத்துப் பேரின் பெயரை அடுத்த பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்.

விலை உயர்ந்த பொருள் என்றால் கணக்கு மாறும்தான். கேமரா, மடிக்கணினி, நகை போன்றவற்றை யாரும் சும்மா அனுப்பிவிடுவதில்லை. ஆனால் அங்கேயும் பாதுகாப்புக்கு வேறு வழிகள் இருக்கின்றன. இத்தனை நாளைக்குத் தருகிறோம், இந்தத் தேதியில் எங்கள் கூரியர் வந்து எடுத்துக்கொள்ளும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அல்லது தங்கள் கடைக்கே வரச்சொல்லிப் படம் எடுக்க விடுவார்கள். முக்கியமாக, இத்தகைய பொருள் 4,300 ஃபாலோயர்ஸ் உள்ளவரைத் தேடி இரவு நேரத்தில் வராது.

பொருளைக் கொடுத்துவிடுவது, கொடுத்துத் திரும்ப வாங்குவது என்ற இந்த இரண்டு வழக்கங்களும் வருமான வரித்துறைக்கே தெரியும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பலன் பொருளாகவோ வசதியாகவோ கிடைத்தால், கொடுப்பவர் பத்து சதவீதம் டி.டி.எஸ். விஷயத்தைக் கவனித்தாக வேண்டும் என்றது அது. அதற்கு விளக்கமாக 2022 ஜூன் மாதம் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 12-ஆம் எண் சுற்றறிக்கை சமூக ஊடகப் படைப்பாளிகளைப் பெயர் சொல்லியே பேசுகிறது. விளம்பரத்துக்காக வந்த காரையோ செல்போனையோ உடையையோ ஒப்பனைப் பொருளையோ வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது பலன் ஆகாது. தானே வைத்துக்கொண்டால் பலன். அவ்வளவுதான். டெபாசிட் கட்டிப் பொருள் வாங்கும் மூன்றாவது வழக்கம் அந்த விளக்கத்தில் இல்லை.

இந்தப் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்வதில் இன்னொரு பயனும் உண்டு. "டி.டி.எஸ். கட்டினால்தான் பார்சல் நகரும்" என்பது மேனேஜர்கள் கையில் வைத்திருக்கும் இன்னொரு சாவி. 7,999 ரூபாய் ஏர் ஃபிரையர், ஆண்டுக்கு 20,000 என்ற வரம்பையே தொடவில்லை. தொட்டாலும் வரி செலான் வழியாக அரசுக்குப் போகும். யாருடைய க்யூ.ஆர். கோடுக்கும் போகாது.

ஈரோட்டுக்குத் திரும்புவோம். அந்தப் பெண் 2,499 ரூபாயை அனுப்பிவிட்டார். அனுப்பும் முன் யு.பி.ஐ. செயலியில் ஒரு பெயர் தெரிந்தது. நிறுவனத்தின் பெயர் அல்ல, யாரோ ஒரு தனிநபரின் பெயர். கேட்டதற்கு, "அவர்தான் எங்கள் அக்கவுண்ட்ஸ் ஹெட்" என்று பதில். மறுநாள் காலை ஒரு பி.டி.எஃப். வந்தது. நிறுவனத்தின் லோகோ, 15 எழுத்தில் ஜி.எஸ்.டி. எண், ஒரு நீல நிற முத்திரை எல்லாம் இருந்தன. டெபாசிட் தொகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நிலுவையில் உள்ளது, 450 ரூபாய் கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவர் ஜி.எஸ்.டி. தளமான services.gst.gov.in-இல் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தார். நிறுவனத்தின் உண்மையான பெயரும் முகவரியும் வந்தன. சந்தேகம் தீர்ந்தது. கட்டினார்.

இரண்டு இடங்களில் சறுக்கல் நடந்திருக்கிறது, இரண்டும் கவனிக்கத் தக்கவை. ஜி.எஸ்.டி. எண் ரகசியமில்லை. எந்தக் கடை பில்லிலும் அச்சாகியிருக்கும். அந்த எண் உண்மையாக இருப்பது அப்படியொரு நிறுவனம் இருக்கிறது என்பதற்குச் சான்று. வாட்ஸ்அப்பில் பேசுபவர் அதன் ஆள் என்பதற்குச் சான்று ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரின் கதவு எண் எனக்கும் தெரியும், அதனால் வீடு எனக்குச் சொந்தமாகிவிடுமா? எண்ணைச் சரிபார்த்ததற்குப் பதிலாக, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இப்படி ஒரு கேம்பெய்ன் நடக்கிறதா, இந்த ஏஜென்சி உங்களுடையதா என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பதில் வர இரண்டு நாள் ஆகியிருக்கலாம். "இன்றைக்குள் கட்டாவிட்டால் ஸ்லாட் போய்விடும்" என்று மேனேஜர் அவசரப்படுத்துவது அந்த இரண்டு நாளை ஒழிப்பதற்குத்தான்.

அடுத்தது வரி. திரும்பக் கொடுக்கப்போகும் டெபாசிட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 2(31) உட்பிரிவு, ஒரு பொருளுக்காகவோ சேவைக்காகவோ வாங்கிய டெபாசிட்டை, விற்பவர் அதை விலையில் கழித்துக்கொள்ளும்வரை விலையாகக் கருதக்கூடாது என்கிறது. விலையே இல்லாத இடத்தில் அதன்மேல் வரி எங்கிருந்து வரும்? ஆக, அந்த பி.டி.எஃப். தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது. ‘முழுவதும் திரும்பத் தரப்படும்’ என்பதும் ‘18 சதவீத ஜி.எஸ்.டி.’ என்பதும் ஒரே தாளில் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். இங்கே இரண்டுமே பொய்.

450 ரூபாய்க்குப் பிறகு கூரியர் இன்சூரன்ஸ் என்று 1,250 ரூபாய். பார்சலை அட்டைப் பெட்டியில் கட்டி மேலே அவர் பெயர் ஒட்டிய படம் ஒன்று வந்தது. பெட்டிமேல் இருந்த லேபிள் எண்ணைக் கூரியர் தளத்தில் போட்டால் எதுவும் வரவில்லை. "சர்வர் அப்டேட் ஆக 24 மணி நேரம் ஆகும்" என்றார்கள். அதன் பிறகு அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். உடனே ஒப்புக்கொண்டார்கள், சண்டையே இல்லை. ஆனால் ரீஃபண்ட் ஃபைலைத் திறக்க 3,999 ரூபாய் அனுப்ப வேண்டும், ஐந்து நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து வந்துவிடும் என்றார்கள். அனுப்பினார். கூட்டிப் பாருங்கள்: 2,499, 450, 1,250, 3,999. மொத்தம் 8,198 ரூபாய். ஏர் ஃபிரையரையே கடையில் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தால் 199 ரூபாய் மிச்சம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சிரிப்பது இந்த நான்காவது தவணையைப் பார்த்துத்தான். "மூன்று தடவை ஏமாந்த பிறகுமா?" ஆனால் ஒவ்வொரு தவணையிலும் அவர் முன் இருந்த கேள்வி வேறு. முதல் தடவை, வேலைக்காக 2,499 கட்டலாமா என்ற கேள்வி. இரண்டாம் தடவை, கட்டிய 2,499-ஐக் காப்பாற்ற இன்னும் 450 கட்டலாமா என்பது. நான்காம் தடவை ஏர் ஃபிரையரும் இல்லை, ரீலும் இல்லை, சம்பளமும் இல்லை. போன 4,199-ஐ மீட்கும் முயற்சி மட்டும்தான். ஏற்கெனவே செலவிட்டதை வீணாக விட மனமில்லாமல் மேலும் செலவிடும் இந்தப் போக்கை ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985-இல் சோதனைகள் வைத்துக் காட்டினார்கள். பாதி கட்டிய வீட்டுக்காரர் எவருக்கும் அதைச் சோதனை வைத்துச் சொல்லத் தேவையில்லை. முதல் தொகை சின்னதாக இருப்பதன் சூட்சுமமும் இங்கேதான். வருமானம் அதில் இல்லை. அது அடுத்த தவணைகளுக்கான கயிறு.

முதல் தொகைக்கு இன்னொரு வேலையும் உண்டு என்று நினைக்கிறேன். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவின் கார்மாக் ஹெர்லி 2012-இல் ஒரு சுவாரசியமான கேள்வி எழுப்பினார்: நைஜீரியப் பணம் கைமாறும் கதையைக் கேலி செய்யாதவர்களே இல்லை என்ற நிலையிலும் மோசடிக்காரர்கள் ஏன் இன்னும் தங்களை நைஜீரியா என்றே சொல்லிக்கொள்கிறார்கள்? அவர் தந்த பதில், அது ஒரு சல்லடை என்பது. விவரமானவர்கள் முதல் வரியிலேயே விலகிவிடுவார்கள். பிறகு நம்புகிறவர்களிடம் மட்டும் நேரம் செலவிட்டால் போதும். டெபாசிட் வரியும் அப்படி ஒரு சல்லடைதான், ஆனால் சலிப்பது வேறு ஒன்றை. ஒருநாளில் நூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்ப ஒன்றும் செலவில்லை. க்யூ.ஆர். கோடுக்குப் பிறகும் பேசிக்கொண்டிருப்பவர் யார் என்பதுதான் தெரிய வேண்டும். அதனால்தான் டெபாசிட் பற்றிக் கேள்வி கேட்டவுடன் பல மேனேஜர்கள் வாதாடாமல் காணாமல் போகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடவும் கூடாது. பணம் முதலில் உங்கள் கையிலிருந்து போகிற, ஆனால் மோசடி என்று சொல்லிவிட முடியாத இரண்டு வகைகள் இந்தத் தொழிலில் நடமாடுகின்றன.

ஒன்று, ஆர்டர் போட்டுப் பணம் திரும்பப் பெறுவது. அமேசானிலோ ஃபிளிப்கார்ட்டிலோ பொருளை உங்கள் காசில் வாங்குங்கள், ரீல் போட்டதும் தொகையைத் தருகிறோம் என்பார்கள். பல சிறு நிறுவனங்கள் உண்மையாகவே இப்படிச் செய்கின்றன. தளத்தில் விற்பனை எண்ணிக்கை கூடுவது அவர்களுக்கு ஒரு லாபம். டெபாசிட்டோடு ஒப்பிட்டால் இதில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பணம் முன்பின் தெரியாதவரின் கைக்குப் போகாமல் ஒரு கடைக்குப் போகிறது, பொருள் கைக்கு வருகிறது, பில் இருக்கிறது. அவர்கள் கைவிரித்தால் உங்களிடம் மிஞ்சுவது விருப்பமில்லாமல் வாங்கிய ஒரு பொருள். அந்த அளவு நஷ்டம் தாங்கும் என்றால் செய்யலாம். ஆனால் கூடவே அந்தத் தளத்தில் ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதச் சொன்னால் நின்றுவிட வேண்டும். அது விளம்பரமில்லை, போலி விமர்சனம். அமேசான் அதைத் தன் விதிகளில் தடைசெய்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022-இல் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது.

மற்றது, ‘பிராண்ட் அம்பாசிடர்’ தள்ளுபடி. உங்கள் படத்துக்குக் கீழே, "செம போட்டோ, எங்களுக்கு டி.எம். பண்ணுங்க" என்று ஒரு கணக்கு எழுதிவிட்டுப் போகும். கேட்டால், நீங்கள் எங்கள் அம்பாசிடராகத் தேர்வாகிவிட்டீர்கள், கண்ணாடியோ கம்மலோ பாதி விலையில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது பொருள் இலவசம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது என்பார்கள். பொருளும் வரும். அந்தப் ‘பாதி விலை’யிலோ அனுப்பும் செலவிலோ பொருளின் அடக்கமும் லாபமும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் என்பதுதான் விஷயம். அம்பாசிடர் என்ற பட்டம் பெற்றவர் உண்மையில் ஒரு வாடிக்கையாளர். சட்டப்படி இதை மோசடி என்று நிறுவுவது கடினம். எனக்கு இது பட்டம் கொடுத்து வாங்க வைக்கும் பழைய வியாபாரம்.

நேர்மையான அழைப்பை எப்படித்தான் அடையாளம் காண்பது? மொழிப்பிழை, லோகோ, ஃபாலோயர் எண்ணிக்கை என்று பட்டியல் போடும் எச்சரிக்கைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இன்றைக்குப் பிழையில்லாமல் எழுதுவது யாருக்கும் கஷ்டமில்லை. நீல டிக்கும் 2023 முதல் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கிறது. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, எதைக் கேட்கவில்லை என்பதைக் கவனிப்பதுதான் பலன் தருகிறது.

விளம்பரத்துக்குக் காசு செலவிடுபவருக்கு ஒரே ஒரு கவலைதான்: யார் பார்ப்பார்கள்? எனவே உண்மையான ஏஜென்சி முதலில் உங்கள் இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்கும். கடந்த முப்பது நாளில் எத்தனை பேரைச் சென்றடைந்தீர்கள், அவர்கள் எந்த ஊர், என்ன வயது, ஆணா பெண்ணா. கோவையில் கடை வைத்திருப்பவருக்கு உங்கள் பார்வையாளர்கள் பாதிப் பேர் பீகாரில் இருந்தால் உபயோகமில்லை. அடுத்து ‘பிரீஃப்’ என்று ஒரு தாள் வரும். அதில் பொருளின் எந்த அம்சத்தைக் காட்ட வேண்டும், எதைச் சொல்லக்கூடாது, வெளியிடும் முன் யார் பார்த்து ஒப்புதல் தருவார், எந்தத் தேதியில் போட வேண்டும் என்றெல்லாம் இருக்கும். இது விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிடச் சொல்லும் வரியும் பெரும்பாலும் இருக்கும். ஏனென்றால் இந்திய விளம்பரத் தரநிலைக் குழுமம் 2021-இலும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பணம் வாங்காமல் பொருள் மட்டும் வாங்கியிருந்தாலும் அதைப் பார்வையாளருக்குச் சொல்லியாக வேண்டும். பணம் பேசிய வேலையாக இருந்தால், பில் அனுப்பிய பிறகு முப்பது நாளோ அறுபது நாளோ கழித்துத்தான் வரும்; படைப்பாளிகளின் நிஜமான புலம்பல் அந்தத் தாமதத்தைப் பற்றியதுதான்.

ஏர் ஃபிரையர் மேனேஜர் இவை எதையும் கேட்கவில்லை. ரீலில் என்ன சமைக்கப்போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் கேட்ட விவரங்கள் வீட்டு முகவரி, ஆதார் படம், கூகுள் பே எண். ரீலைப் பற்றி அக்கறையே இல்லாதவர் ரீல் போடாமல் போய்விடுவீர்களோ என்ற பயத்தில் டெபாசிட் கேட்கிறார்.

மேனேஜரைச் சோதிக்க ஒரு எளிய மறுமொழி உண்டு. "எனக்கு 5,000 ரூபாய் சம்பளம் தருவதாகச் சொல்கிறீர்கள். டெபாசிட் 2,499-ஐ அந்த 5,000-லேயே பிடித்து வைத்துக்கொண்டு பொருளை அனுப்புங்கள். ரீல் போட்டதும் முழுதாகத் தாருங்கள்." உண்மையான நிறுவனத்துக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை, தரவேண்டிய பணம் அதன் கையிலேயே இருக்கிறது. ‘சிஸ்டம் அலவ் பண்ணாது’ என்று பதில் வந்தால், அந்த 5,000 ரூபாய் எங்கேயும் இல்லை என்று பொருள்.

பணம் போன பிறகு என்ன செய்யலாம் என்பதில், ஏட்டில் இருப்பதற்கும் நடைமுறைக்கும் இடையே தூரம் இருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 1930. cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். அந்தப் புகார் போலீசுக்கு மட்டும் போவதில்லை. பணம் சென்ற வங்கிக்கும், அங்கிருந்து அடுத்து மாறிய வங்கிக்கும் தகவல் போய், மிச்சம் இருக்கும் தொகையை நிறுத்திவைக்க முயல்வார்கள். மிச்சம் இருக்கும் தொகை என்பதை அழுத்தியே சொல்கிறேன். வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகப் பணம் வேகவேகமாகக் கைமாறி, கடைசியில் ஏதோ ஒரு ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்துவிட்டால் நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே மணிக்கணக்கு முக்கியம். பேசும்போது ஒவ்வொரு தவணைக்கும் உரிய 12 இலக்கப் பரிவர்த்தனை எண் கையில் இருக்க வேண்டும், யு.பி.ஐ. செயலியின் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறது.

கோபத்தில் எல்லோரும் செய்கிற தவறு, நாலு வார்த்தை திட்டிவிட்டு உடனே பிளாக் செய்வது. இன்ஸ்டாகிராமில் அனுப்பியவர் தன் செய்தியைத் திரும்பப் பெற்றால் அது உங்கள் பக்கத்திலும் மறைந்துவிடும். கணக்கின் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் திட்டியது அவருக்கு, அழிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்ற சேதி. முதலில் முழு உரையாடலையும் மேலிருந்து கீழ்வரை திரைப்பதிவு எடுத்துவிட்டு, கணக்கின் முகவரியையும் வாட்ஸ்அப் எண்ணையும் குறித்துவைத்து, வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டுக்கொள்ள வேண்டும். திட்டுவது அப்புறம்.

வங்கி ஈடுகட்டுமா? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்குப் பாதுகாப்புத் தருகிறது என்பது சரி. ஆனால் அது உங்கள் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைகளுக்கு. இங்கே பின் எண்ணைப் போட்டு அனுப்பியது நீங்களே. ஏமாற்றி அனுப்ப வைத்தார்கள் என்பது குற்றவியல் சட்டத்துக்கு முக்கியம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் வங்கி அதை வைத்துத் தன் பையிலிருந்து பணம் தராது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், இப்படி ஏமாற்றப்பட்டுத் தாங்களே அனுப்பியவர்களுக்கும் வங்கிகள் 85,000 பவுண்டுவரை ஈடுகட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி சுமக்கின்றன. மோசடிக் கணக்கைத் திறக்கவிட்ட வங்கிக்கும் வலிக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு நம் ஊரிலும் பேசப்பட வேண்டிய ஒன்று.

2,499 ரூபாய்க்காகக் காவல் நிலையப் படியேற யாரும் விரும்புவதில்லை. வீட்டில் சொல்லவும் தயக்கம். ‘இந்த ரீல்ஸ் எல்லாம் வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேனே’ என்ற பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும். மேனேஜருக்கும் அது தெரியும், தொகையை அந்த அளவில் வைத்திருப்பதே அதனால்தான். ஈரோட்டுப் பெண் தன் ஸ்டோரியில் நடந்ததை எழுதினார். அரை மணி நேரத்தில் மூன்று பேர், எனக்கும் இதே ஏர் ஃபிரையர்தான் என்று பதில் போட்டார்கள். நான்காவதாக வந்த செய்தி புதிய கணக்கு ஒன்றிலிருந்து. இழந்த பணத்தை மீட்டுத் தரும் சைபர் நிபுணராம். பதிவுக் கட்டணம் 999 ரூபாய், பணம் வந்தவுடன் அதையும் சேர்த்துத் திருப்பித் தந்துவிடுவாராம்.